கெஞ்சாமல் அடுத்த வீடியோவுக்கு ஆளைக் கூட்டிப் போவது: ஒரு கூழ் வீடியோவின் கடைசி 18 செக்கன்

கேள்வி: "யாழ்ப்பாணத்தில இருந்து சமையல் சேனல் ஒண்டு நடத்துறன். வீடியோ முடிவில 'அடுத்ததையும் பாருங்கோ' எண்டு சொன்னா கெஞ்சுற மாதிரி இருக்கு எண்டு தங்கச்சி சொல்லுறா. சொல்லாமல் விட்டால் ஒருத்தரும் அடுத்ததுக்குப் போறதில்லை. எண்ட் ஸ்கிரீனில என்னத்தைப் போட்டு, என்ன சொல்லி முடிக்கிறது? கடைசியாப் போட்டது ஒடியல் கூழ்."

உங்கள் தங்கச்சிக்குக் காது நல்லாக இருக்கிறது, ஆனால் அவ குறை சொல்வது வேறு ஓர் இடத்தில் இருக்கிற பிழையை. கெஞ்சல் மாதிரிக் கேட்பது "பாருங்கோ" என்ற சொல்லால் இல்லை. ஏன் பார்க்க வேண்டும் என்பதற்குப் பார்ப்பவரின் பக்கத்திலிருந்து ஒரு காரணமும் சொல்லாமல், சேனலின் தேவையை மட்டும் சொல்வதால்தான் அப்படிக் கேட்கிறது. லைக் போடுங்கோ, ஷேர் பண்ணுங்கோ, சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ, மணியை அழுத்துங்கோ, அடுத்த வீடியோவையும் பாருங்கோ: ஐந்துமே உங்களுக்கு நன்மை, அவருக்கு வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற சமையல், ஊர்சுற்றல் சேனல்களுக்குப் பல வருடமாக எடிட்டிங் செய்து வருகிறேன், அதனால் இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்கிற முடிவை எத்தனையோ தரம் டைம்லைனில் வைத்துப் பார்த்தாயிற்று. கீழே சொல்வதில் யூடியூப்பின் விதிகள் என்று சொல்வதெல்லாம் உறுதியானவை. எந்த வசனம் வேலை செய்யும் என்பது என் தொழில் அனுபவம். உங்கள் பார்வையாளர்களிடம் அது கொஞ்சம் மாறலாம். எண்ட் ஸ்கிரீனில் கிளிக் வந்தால் அல்கோரிதம் உங்களை மேலே தூக்கிவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை மட்டும் அப்படியே நம்பாதேங்கோ, வெளியில் இருக்கிற ஒருவராலும் அதைத் தனியாகப் பிரித்து அளக்க முடியாது.

முதலில் விதிகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எண்ட் ஸ்கிரீன் வீடியோவின் கடைசி 5 முதல் 20 செக்கன் வரைக்குள்தான் வரும், வீடியோ குறைந்தது 25 செக்கன் நீளம் இருக்க வேண்டும். வழக்கமான அகலத் திரை வீடியோவில் நான்கு எலிமென்ட் வரை, அதாவது அழுத்தினால் வேறு வீடியோவுக்கோ சப்ஸ்கிரைப்புக்கோ கூட்டிப் போகிற பெட்டிகள், வைக்கலாம், அதில் ஒன்றாவது வீடியோவாகவோ பிளேலிஸ்ட்டாகவோ இருக்க வேண்டும். சிறுவர்களுக்கான வீடியோ என்று குறித்திருந்தால் எண்ட் ஸ்கிரீனே கிடையாது. வீடியோ எலிமென்டை வைக்கும்போது மூன்று தெரிவுகள் வரும்: `Most recent upload`, `Best for viewer`, `Choose specific video`. முதலாவது நீங்கள் கடைசியாக ஏற்றியதைத் தானாகவே காட்டும், இரண்டாவது அந்தப் பார்வையாளருக்கு எது பொருந்தும் என்று யூடியூப் உங்கள் சேனலுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டும், மூன்றாவது நீங்கள் சொல்வதையே காட்டும். எல்லோரும் முதலாவதைப் போட்டுவிட்டுப் போவது ஏன் என்றால் அது சுலபம். கூழ் பார்த்து முடித்த ஆளுக்கு உங்கள் கடைசி வீடியோ நல்லூர்த் தேர் என்றால் அவருக்கு அது ஒரு சம்பந்தமும் இல்லாத படம், அவ்வளவுதான்.

இனி கூழுக்கு வருவோம். உங்கள் வீடியோவை நான் பார்க்கவில்லை, அதனால் இப்படிப்பட்ட வீடியோக்கள் வழக்கமாக எப்படி முடியுமோ அந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 11 நிமிடம் 40 செக்கன் என்று வைப்போம். 10:55-க்குக் கூழ் இறக்கியாயிற்று, பிளாவில் ஊற்றி ஒருவர் குடிக்கிறார், நண்டுக்காலை உறிஞ்சுகிறார், முகத்தில் திருப்தி தெரிகிறது. 11:06-க்கு அவர் கமராவைப் பார்த்து, "சரி உறவுகளே, இண்டைக்கு இந்த வீடியோ இதோட முடியுது" என்று தொடங்குகிறார். பிறகு அந்த ஐந்து வேண்டுகோள். 11:20-க்கு "நன்றி, வணக்கம்". அதற்குப் பிறகு 20 செக்கனுக்குச் சேனல் பெயரோடு ஒரு கறுப்புத் திரை, பின்னால் நாதஸ்வரமோ கீபோர்டோ ஒன்று, அதற்கு மேல் நான்கு எலிமென்ட்.

இதில் எது எங்கே உடைகிறது என்று யூடியூப் Studio-வில் அந்த வீடியோவின் ரிடென்ஷன் கோட்டை, அதாவது ஒவ்வொரு செக்கனிலும் எத்தனை வீதம் பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற கோட்டை, பார்த்தால் தெரியும். அந்தக் கோடு கூழ் குடிக்கிற இடம் வரைக்கும் மெல்ல மெல்லத்தான் இறங்கி வரும். "சரி உறவுகளே" என்ற இடத்தில் சரியும், "முடியுது" என்ற இடத்தில் விழும். அது காதில் விழுந்தவுடனே ஆளுக்கு வெளியேறக் கை போய்விடும், அது உங்கள் மேல் கோபம் இல்லை, காரியம் முடிந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எலிமென்டுகள் வருவது 11:20-க்கு. அதாவது ஆட்களைப் பதினான்கு செக்கனாக வெளியே அனுப்பிவிட்டு, வெறும் மண்டபத்துக்குப் பந்தி போடுகிறீர்கள். எண்ட் ஸ்கிரீன் வேலை செய்யவில்லை என்று சொல்கிற அநேகமானவர்களின் பிரச்சினை எலிமென்டில் இல்லை, எலிமென்டைக் காண ஆள் இல்லாததில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும், இது வெறும் உதாரணக் கணக்கு. 1000 பேர் வீடியோவைத் தொடங்குகிறார்கள், எலிமென்ட் தோன்றுகிற நேரம் 150 பேர் மிச்சம், அதில் நூற்றுக்கு 6 பேர் அழுத்துகிறார்கள் என்றால் 9 பேர். எலிமென்டின் நிறம், இடம், தம்ப்நெயில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அந்த 6-ஐ 8 ஆக்கினால் 12 பேர். அதை விட்டுவிட்டு, பிரியாவிடையை வெட்டி எலிமென்டை முன்னுக்குக் கொண்டுவந்து, 150 பேர் இருந்த இடத்தில் 350 பேர் இருக்கும்போது காட்டினால், அதே 6-க்கே 21 பேர். எந்தப் பக்கத்தில் உழைக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறதுதானே. அந்த 6 நிச்சயம் அப்படியே நிற்கும் என்று நான் சொல்லவில்லை, கடைசி வரை இருக்கிறவர்கள் கொஞ்சம் விசுவாசமானவர்கள், முன்னுக்கு வந்தால் வீதம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். குறைந்தாலும் இலாபம்தான்.

ஆகவே முதல் வேலை, முடிவு வருகிறது என்று அறிவிக்காமல் முடிப்பது. இரண்டாவது வேலை, எதை நோக்கி அனுப்புவது என்று முடிவு செய்வது, அதை எண்ட் ஸ்கிரீன் போடுகிற நேரத்தில் யோசிக்கக் கூடாது, படம் பிடிக்க முதலே யோசிக்க வேண்டும். கூழ் பார்த்து முடித்த ஒருவருக்கு அடுத்து என்ன சந்தேகம் வரும்? இதற்கு மூளையைக் கசக்கத் தேவையில்லை, உங்கள் பழைய கூழ், ஒடியல் பிட்டு வீடியோக்களின் கீழே வந்த கருத்துகளை வாசியுங்கள். டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாக்கெட் மா வாங்கிச் செய்தவர்கள் எழுதியிருப்பார்கள்: "அக்கா, எனக்குக் கைக்குது." சிலர் மாவைத் தண்ணீரில் ஊற விடாமலே போட்டிருப்பார்கள், சிலர் ஊற விட்டு, மேலே நிற்கிற தண்ணீரை வடிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கரைத்திருப்பார்கள், இன்னும் சிலர் புழுக்கொடியல் மாவையும் ஒடியல் மாவையும் ஒன்றென்று நினைத்து வாங்கியிருப்பார்கள். ஒடியல் பச்சைப் பனங்கிழங்கைக் காயவிட்டது, புழுக்கொடியல் அவித்துக் காயவிட்டது என்பது ஊரில் இருக்கிறவருக்குத் தெரியும், அங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. அந்தக் கைப்புத்தான் உங்கள் அடுத்த வீடியோ. இதைவிட நல்ல பாலம் கிடையாது, ஏனென்றால் நீங்கள் அவரை எங்கேயும் இழுக்கவில்லை, அவர் அடுப்படியில் நின்று கேட்கப்போகிற கேள்விக்கு ஒரு நாள் முன்னதாகப் பதில் தருகிறீர்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அடுத்த வீடியோவுக்கு ஆள் போக வேண்டும் என்பதற்காகக் கூழ் வீடியோவில் மாவை வடிக்கிற கட்டத்தையே மறைத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது திருட்டுத்தனம், கருத்துகளில் உடனே வாங்கிக் கட்டுவீர்கள். கூழ் வீடியோவை மட்டும் பார்த்த ஒருவர் நல்ல கூழ் காய்ச்சக்கூடியதாக இருக்க வேண்டும், அதற்கு ஊற விடுவதையும் வடிப்பதையும் அரை நிமிடமாவது காட்டித்தான் ஆக வேண்டும். அடுத்த வீடியோவில் இருக்க வேண்டியது ஆழம்: மா நல்லதா என்று எப்படிப் பார்ப்பது, தண்ணீர் தெளிந்துவிட்டது என்று எப்படி அறிவது, கைப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது எந்தக் கட்டத்தில், ஏற்கெனவே கைத்துப்போன கூழை என்ன செய்யலாம், இப்படி. "இதைச் செய்யாட்டில் கூழே பிழைச்சிடும், என்ன எண்டு அடுத்த வீடியோவில பாருங்கோ" என்று பயமுறுத்துவது ஒரு தரம் வேலை செய்யும், இரண்டாம் தரம் அதே ஆள் உங்கள் தம்ப்நெயிலைத் தாண்டிப் போய்விடுவார்.

சரி, வசனம். கூழ் குடிக்கிறவர் கமராவை நோக்கித் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்து "சரி" என்று தொடங்கக் கூடாது. குடித்துக்கொண்டே, ருசியைப் பற்றிக் கதைக்கிற அதே குரலில், இப்படிச் சொல்லட்டும்: "கைப்பே இல்லை பாருங்கோ. அது காய்ச்சினதில இல்லை, மாவை ஊறவிட்டு வடிச்சதில இருக்கு. கடையில வாங்கின மாவெண்டாலும் சரி, வீட்டில இடிச்ச மாவெண்டாலும் சரி, எந்தக் கட்டத்தில தண்ணியை வடிக்கிறது எண்டு இதில காட்டியிருக்கிறன்." இது 25 சொல். நிதானமாகச் சொன்னால் 13 செக்கன் அளவில் முடியும். முதல் வசனம் இந்த வீடியோவுக்குச் சொந்தம், ருசி பற்றியது. இரண்டாவது வசனம் பாலம், இந்தக் கூழின் வெற்றிக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்கிறது. மூன்றாவது, இது யாருக்கு, அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. "பாருங்கோ" என்பது முதல் வசனத்தில் சும்மா பேச்சுவழக்காக வருகிறதே தவிர, வீடியோவைப் பார்க்கச் சொல்லி ஒரு சொல்லும் கிடையாது. "காட்டியிருக்கிறன்" என்று முடிகிறது, அதாவது காரியம் ஏற்கெனவே செய்து வைத்தாயிற்று, வேண்டுமென்றால் எடுக்கலாம். உங்கள் தங்கச்சியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள், கெஞ்சல் என்று சொல்ல மாட்டா என்று நினைக்கிறேன்.

நேரங்களைப் பொருத்துவோம். வசனம் 11:06-க்குத் தொடங்குகிறது. எண்ட் ஸ்கிரீனையும் அங்கேயே தொடங்கலாம், ஆனால் எலிமென்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் குதிக்கத் தேவையில்லை, ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நேரத்தைத் தனித்தனியாக நகர்த்தலாம். கைப்பு வீடியோவின் எலிமென்ட் "மாவை ஊறவிட்டு" என்ற சொற்களோடு, ஏறக்குறைய 11:10-க்கு வரட்டும். "இதில" என்று அவர் சொல்லும்போது அது திரையில் பல செக்கன் இருந்து கண்ணுக்குப் பழகியிருக்கும். வசனம் 11:19 அளவில் முடியும். அதற்குப் பிறகு நான்கைந்து செக்கன் ஒன்றும் கதைக்க வேண்டாம், அவர் கூழைக் குடிக்கட்டும், பின்னால் அடுப்புச் சத்தமோ காகம் கத்துவதோ கேட்கட்டும். ஆள் தொலைபேசியைக் கையில் எடுத்து விரலை வைக்க அந்த நேரம் வேண்டும். 11:24-க்கு வீடியோ முடிகிறது. மொத்த எண்ட் ஸ்கிரீன் 18 செக்கன். கறுப்புத் திரை கிடையாது. பலருக்கு அந்தச் சேனல் பெயர்த் திரையை வெட்ட மனம் வராது, காசு கொடுத்துச் செய்வித்தது என்பார்கள். முன்னுக்கு மூன்று செக்கன் போடுங்கள், பின்னுக்கு வேண்டாம்.

படம் பிடிக்கும்போதே இடம் விட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடிக்கிறவர் ஃபிரேமின் நடுவில் உட்கார்ந்திருந்தால் எலிமென்ட் அவருடைய முகத்திலோ கூழ்ப்பானையிலோ போய் விழும், பார்க்கவே அரியண்டமாக இருக்கும். கடைசி ஷொட்டை மட்டும் கமராவைக் கொஞ்சம் திருப்பி, ஆளை வலப் பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்து, இடப் பக்கத்தில் கிடுகு வேலியோ சுவரோ ஒன்றுமில்லாத ஒரு பின்னணி வருகிற மாதிரி எடுங்கள். எலிமென்டைக் கீழ் விளிம்பில் ஒட்ட வைக்க வேண்டாம், சப்டைட்டில் ஓடுவது அங்கேதான், உங்கள் பார்வையாளர்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் இருந்தால் அதைப் போட்டுத்தான் பார்ப்பார்கள். குடிக்கிறவருடைய கண் ஒரு கணம் அந்த இடப் பக்கம் போனால் போதும். விரலை நீட்டி மேலே, கீழே, பக்கத்தில் என்று காட்டுவது தேவையில்லை, அதிலும் எலிமென்ட் ஓர் இடத்தில் இருக்க விரல் இன்னோர் இடத்தைக் காட்டினால் சிரிப்புத்தான் வரும்.

எத்தனை எலிமென்ட்? நான்கு வைக்கலாம் என்பதற்காக நான்கு வைக்க வேண்டாம். சொன்ன வீடியோ ஒன்று, பெரிதாக, `Choose specific video` மூலம். பக்கத்தில் சிறிதாக சப்ஸ்கிரைப் வட்டம், அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல், அது தன்பாட்டில் இருக்கட்டும். இன்னொன்று வேண்டுமென்றால் கைப்பு வீடியோவை ஏற்கெனவே பார்த்தவருக்காக `Best for viewer`, அதைக் கடைசி ஐந்தாறு செக்கனுக்கு மட்டும் காட்டலாம். இதில் ஒரு விதியை மட்டும் இறுக்கிப் பிடியுங்கள்: வாயால் சொல்வதும் எலிமென்டும் ஒன்றாக இருக்க வேண்டும். `Most recent upload` போட்டுவிட்டு "இந்த வீடியோவில மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறன்" என்று சொன்னால் இன்றைக்குச் சரி, அடுத்த கிழமை நீங்கள் தோசைச் சம்பல் ஏற்றினவுடன் அந்த வசனம் பொய்யாகிவிடும், இரண்டு வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு ஒன்றுமே விளங்காது. அதே காரணத்துக்காக "அடுத்த கிழமை", "நாளைக்கு", "புதுசாப் போட்டிருக்கிற" என்ற சொற்களையும் முடிவில் விடுங்கள். கைப்பு வீடியோ இன்னும் தயாராகவில்லையா? வசனத்தை இப்போதே பிடித்து வைத்துவிட்டு, அது வெளிவரும் வரைக்கும் கூழ் வீடியோவை ஏற்றாமல் வைத்திருப்பதுதான் நல்லது. பொறுக்க முடியாதென்றால் ஏற்கெனவே இருக்கிற ஒரு வீடியோவுக்குப் பாலம் போடுகிற மாதிரி இன்னொரு முடிவையும் சேர்த்துப் பிடித்து அதை வைத்து வெளியிடுங்கள். எண்ட் ஸ்கிரீனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பேசிய பேச்சை அப்படி மாற்ற முடியாது.

வணக்கம் சொல்லாமல் எப்படிப் போவது, மரியாதை இல்லையே என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், கமராவுக்கு முன்னால் நிற்பது அம்மாவோ அம்மம்மாவோ என்றால் கேட்கவே வேண்டாம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு அந்த வணக்கம் பிடிக்கும். அதை வெட்டத் தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும். அந்த மௌனமான நான்கைந்து செக்கனின் கடைசியில், 11:22 அளவில், "வாறம் என்ன" என்று ஒரு சிரிப்போடு சொல்லட்டும், அல்லது கை கூப்பட்டும். அப்போது அழுத்த வேண்டியவர் அழுத்திப் போயிருப்பார், மிச்சம் இருப்பவர் மரியாதையை வாங்கிக்கொண்டு போவார். கருத்து எழுதினவர்களுக்கு நன்றி சொல்வதும் அப்படித்தான், கைப்புப் பற்றிக் கேட்டவரைப் பெயர் சொல்லாமல் "லண்டனில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா" என்று மாவை ஊற விடுகிற இடத்திலேயே சொல்லிவிடலாம், அங்கே அது நன்றியாகவும் இருக்கும், முடிவில் வரப்போகிற பாலத்துக்கு முதற்கல்லாகவும் இருக்கும். சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்றால் ஒரு தரம், நல்ல விஷயம் ஒன்று காட்டி முடித்த உடனே, ஒரு வசனத்தில் கேளுங்கள். முடிவில் கேட்டால் அது அடுத்த வீடியோவோடு போட்டி போடும், இரண்டில் ஒன்றையும் செய்யாமல் ஆள் போய்விடுவார்.

2025-இல் யூடியூப் எண்ட் ஸ்கிரீனை மறைத்துவிடுகிற `Hide` பொத்தானையும் பார்ப்பவருக்குக் கொடுத்திருக்கிறது. அதற்காகப் பதறத் தேவையில்லை, ஆனால் எலிமென்டுகள் கடைசிக் காட்சியை மூடி எரிச்சல் கொடுத்தால் ஆள் மறைத்துவிடுவார் என்பதை மனதில் வைத்திருங்கள், ஒரு பெரிய எலிமென்டோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதே இணைப்பை விவரணத்தின் முதல் வரியிலும், எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற மாதிரிப் பின் பண்ணிய உங்கள் கருத்திலும் போட்டு வைத்தால் மறைத்தவருக்கும் வழி இருக்கும்.

இனி, ஆள் அழுத்திவிட்டார். இங்கேதான் பலர் வென்றதைத் தோற்கிறார்கள். கைப்பு வீடியோ திறக்கிறது, ட்ரோனில் கீரிமலை, இசை, சேனல் பெயர், "வணக்கம் உறவுகளே, எல்லாரும் எப்பிடி இருக்கிறியள்", போன வீடியோவுக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றி, நாற்பது செக்கன் போய்விட்டது, மா இன்னும் கண்ணில் படவில்லை. அவர் வந்தது தண்ணீர் எப்போது வடிப்பது என்று பார்க்க. முதல் ஷொட் ஒரு சட்டியில் ஊறுகிற ஒடியல் மாவாக இருக்க வேண்டும், மேலே நிற்கிற தண்ணீர், அடியில் மா, ஒரு கை சட்டியைச் சரிக்கிறது, "இந்தத் தண்ணியிலதான் கைப்பு" என்ற குரல். முந்தைய வீடியோவின் கடைசி வசனமும் இதன் முதல் வசனமும் ஒரே கதையின் இரண்டு வரி மாதிரி ஒட்ட வேண்டும். படம் பிடிக்கும்போது இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்துவிட்டால் இது தானாகவே வரும், அதே உடுப்பு, அதே அடுப்படி, அதே வெளிச்சம் என்றால் இன்னும் நல்லது.

வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று இடம் இருக்கிறது. ஒன்று, கூழ் வீடியோவின் ரிடென்ஷன் கோடு, 11:06-இல் எத்தனை வீதம் பேர் நிற்கிறார்கள், அதிலிருந்து கடைசி வரைக்கும் கோடு சரிகிறதா விழுகிறதா. இரண்டு, Analytics-இல் `End screen element click rate`, எந்த எலிமென்டுக்கு எவ்வளவு என்று பிரித்தே காட்டும். மூன்று, பலர் பார்க்காத இடம், கைப்பு வீடியோவின் பக்கத்தில் `Traffic source` என்பதற்குள் `End screens` வழியாக வந்தவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது. கிளிக் நல்லாக இருந்து, வந்தவர்கள் அரை நிமிடத்தில் போகிறார்கள் என்றால் உங்கள் வசனம் சொன்னது ஒன்று, வீடியோ கொடுத்தது இன்னொன்று, அல்லது அந்த நாற்பது செக்கன் வணக்கம். கிளிக் குறைவு, ஆனால் 11:06-இல் ஆள் நிறைய நிற்கிறார்கள் என்றால் பாலம் பலவீனம், அதாவது அடுத்த விஷயம் அவர்களுக்கு வேண்டியதில்லை. 11:06-க்கே ஆள் இல்லை என்றால் எண்ட் ஸ்கிரீனைத் தொடாதீர்கள், பிரச்சினை அதற்கு வெகு முன்னால் இருக்கிறது, எங்கேயோ பயற்றங்காய் வெட்டுவதை இரண்டு நிமிடம் காட்டியிருப்பீர்கள். சின்னச் சேனலில் ஒரு வீடியோவின் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். 200 பேர் பார்த்த வீடியோவில் முடிவு வரை வந்தவர் 60 பேர் என்றால், மூன்று கிளிக்குக்கும் ஐந்து கிளிக்குக்கும் இடையில் இருப்பது தற்செயல்தான். ஒரே மாதிரி முடிகிற ஏழெட்டு வீடியோ சேர்ந்த பிறகு, ஏறக்குறைய ஒரே நீளமுள்ள பழைய வீடியோக்களோடு வைத்துப் பாருங்கள்.

பழைய வீடியோக்களை என்ன செய்வது என்றால், எல்லாவற்றையும் தொட வேண்டாம். கடந்த 28 நாளில் அதிகம் பார்க்கப்பட்டவற்றை வரிசைப்படுத்தி மேலே இருக்கிற ஐந்தாறை மட்டும் எடுங்கள். Studio-வின் Editor-இல் கடைசிப் பகுதியை வெட்டலாம், வீடியோவின் முகவரி, பார்வை எண்ணிக்கை, கருத்துகள் எல்லாம் அப்படியே இருக்கும். கறுப்புத் திரையையும் "இதோட முடியுது"-வையும் வெட்டிவிட்டு, குடிக்கிற காட்சியின் மேலேயே எலிமென்டை வையுங்கள். புது வசனம் சேர்க்க முடியாது, ஆனாலும் எலிமென்ட் ஆள் இருக்கிற நேரத்தில் வரும். 100,000 பார்வைகளைத் தாண்டிய வீடியோ என்றால், உங்கள் சேனல் பார்ட்னர் திட்டத்தில் இல்லாவிட்டால், இந்த வெட்டலைச் சேமிக்க விடாமல் போகலாம். அப்படியானதில் இருக்கிற 20 செக்கனுக்குள் எலிமென்டை எவ்வளவு முன்னுக்கு நகர்த்த முடியுமோ நகர்த்துங்கள். வெட்டியதைச் சேமித்த பிறகு புது வடிவம் தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்கும், அது முடிந்ததும் ஒருமுறை தொலைபேசியில் திறந்து கடைசி 20 செக்கனைப் பாருங்கள், எலிமென்ட் முகத்தில் விழுகிறதா என்று கம்ப்யூட்டரில் தெரியாதது அங்கே தெரியும்.